அஞ்சு ஆம்பியர் தெம்பு

எனக்குப் பொறுமை கிடையாது. அன்று செல்லூர் நெரிசலில் ஜீப் நின்றபோதே இறங்கி நடந்துவிடலாமா என்றிருந்தது.

மதுரைக்கு மேற்கே ஒரு துணை மின்நிலையம். முந்தைய வாரம் அங்கிருந்து ஊருக்குப் போகும் லைனான ஒரு ஃபீடரில் ஃபால்ட் வந்தது. ரிலே அதை உணர்ந்து சொன்னதும் அந்த ஃபீடரின் பிரேக்கர் மட்டும் விழுந்து லைனைத் துண்டித்திருக்க வேண்டும். அது விழவில்லை, எல்லா ஃபீடருக்கும் பொதுவான இன்கமர் விழுந்து சுற்றுவட்டாரமே இருண்டது. பராமரிப்பின்போது கழற்றிய ட்ரிப் லிங்க்கை, அதாவது ரிலேயின் உத்தரவைப் பிரேக்கருக்குக் கடத்தும் இணைப்பை, ஆபரேட்டர் மாட்ட மறந்து, பிறகு ரகசியமாக மாட்டிவிட்டார் என்று அதிகாரி முடிவு கட்டிவிட்டார். சாயங்காலத்துக்குள், ரிலே சோதிக்கும் பொறியாளரான நான் வேறு காரணம் காட்டாவிட்டால் ஆபரேட்டருக்கு சஸ்பென்ஷன்.

கண்ட்ரோல் ரூம் பேனலில் கரண்ட் செலுத்திப் பார்த்தேன். எனக்கு முன்னால் சோதித்தவர்கள் சொன்னதுபோலவே ரிலே சரியாக வேலை செய்தது. எப்போதும் எல்லோரும் பேனலில்தான் சோதிக்கிறோம். அங்கே கரண்ட் கொடுத்தால் வெளியே யார்டிலிருந்து வரும் கேபிளும் சிடியும் சோதனைக்குள் வருவதே இல்லை. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வெயிலில் யார்டுக்குப் போனேன்.

லைனின் பெரிய கரண்ட்டை ஒன்று அல்லது ஐந்து ஆம்பியராகச் சிறிதாக்கி ரிலேவுக்கு அனுப்புவது சிடி. பழைய கண்ட்ரோல் ரூம் அதன் பக்கத்திலேயே இருந்ததாம். புதிய ரூம் யார்டின் மறுகோடியில்.

"ரூம மாத்துனப்ப இதுக்கும் புது சிடி போடலயாண்ணே?" என்று ஆபரேட்டரிடம் கேட்டேன்.

"இன்கமருக்கு மட்டும் ஒரு ஆம்பியர்ல புதுசு வந்துச்சு மேடம். இதுக்கு எதுக்கு, அஞ்சு ஆம்பியர், அம்புட்டு தூரமும் தெம்பா வந்துரும்னு சொல்லிட்டாக."

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. போய்வரும் கம்பியின் ரெசிஸ்டன்ஸை அளந்தேன்: மூன்று ஓம். சிடிக்குக் கம்பி வைக்கும் சுமை கரண்ட்டின் வர்க்கத்தோடு ஏறும். ஒரு ஆம்பியருக்கு அது மூன்று விஏ, ஐந்துக்கு எழுபத்தைந்து. இந்தச் சிடி பதினைந்து விஏ தாங்கத்தான் செய்தது. சாதாரண நாளில் எப்படியோ சமாளித்திருக்கிறது. ஃபால்ட் கரண்ட் பாய்ந்ததும் அதன் இரும்பு திணறி, உள்ளதைவிடக் குறைவாகக் காட்டியிருக்கிறது. கரண்ட் குறைவென்று ரிலே நிதானமாக நேரம் எடுத்துக்கொள்ள, அதே தூரத்துக் கம்பியிலும் ஒரு ஆம்பியர் சிடியால் உள்ளதை உள்ளபடி பார்த்த இன்கமர் முந்திக்கொண்டது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

"லிங்க் மாட்டித்தான்ணே இருந்திருக்கு. உங்க மேல தப்பே இல்ல. புது சிடி வார வரைக்கும் கேபிள்ல சும்மா கெடக்குற கம்பிகளச் சேத்துக் கட்டிச் சுமையக் கொறைப்போம்," என்றேன்.

சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் யார்டுச் சல்லியில் உட்கார்ந்துவிட்டார்.

"காலையில எழுதிக் குடுத்துட்டேன் மேடம், மறந்துட்டேன்னு."

"மாட்டுனது உங்களுக்குத் தெரியாதாண்ணே?"

"தெரியும். ஆனா ரிலே ஓகே, ரிலே ஓகேன்னு வந்தவுக எல்லாரும் சொன்னாகளா. அப்ப நாந்தான் மாட்டலபோலன்னு எனக்கே தோணிருச்சு."