முதல் பத்தியில் ஒரு மனிதர்

பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் கல்யாணப் பத்திரிகையும் சபைக் காலண்டரும் அடிக்கிற ஓர் அச்சகத்தில் ஸ்டெபி பிழைதிருத்துகிறாள். காலை பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை அங்கே வேலை. இரண்டு மணிக்கு மேல் அவள் எழுத்தாளர். அப்படித்தான் அவளே வைத்துக்கொண்டிருக்கிறாள். வேறு யாரும் அப்படிச் சொன்னதில்லை. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள். பள்ளிக்கூடத்தில் வாட்ச்மேனாக இருக்கும் அப்பா தேவதாசனுக்கு, எம்.ஏ. படித்த மகள் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு யாருக்கோ கடிதம் எழுதுவது ஒரு நாளும் பிடிபடவில்லை. சாப்பிடும்போது ஒரு கேள்வி மட்டும் கேட்பார். "மெயில் போட்டியே, எதும் பதில் வந்துச்சா?"

வராது. ஒன்றரை வருடத்தில் பதினோரு மின்னஞ்சல்கள் அனுப்பியிருந்தாள். கட்டுரையை முழுக்க எழுதி அனுப்பக் கூடாது, யோசனையை ஒரு பக்கத்தில் சொல்ல வேண்டும், பொறுப்பாசிரியர் சரி என்ற பிறகுதான் எழுத வேண்டும் என்பதையே நான்கு கட்டுரைகளை முழுதாக எழுதி வீணடித்த பிறகுதான் கற்றுக்கொண்டாள். என்ன கட்டுரை, ஏன் இப்போது, யாரையெல்லாம் சந்திப்பேன், எத்தனை சொற்கள், எந்தத் தேதிக்குள், இதற்கு முன் என்ன எழுதியிருக்கிறேன். கடைசிக் கேள்விக்கு மட்டும் கல்லூரி மலரையும் ஓர் இணைய இதழையும் காட்டுவாள். கிணற்றில் கல்லைப் போட்டால் சத்தமாவது வரும்.

ஏழாவதற்கு மட்டும் ஒரு பதில் வந்தது. சென்னை மாத இதழ் ஒன்றின் பொறுப்பாசிரியர் ராஜராஜேஸ்வரி மூன்று வரி எழுதியிருந்தார். "தகவல் நிறைய இருக்கிறது. ஆள் இல்லை. முதல் பத்தியில் ஒரு மனிதரைக் கொண்டுவாருங்கள்."

ராஜராஜேஸ்வரிக்கே பன்னிரண்டாவதை எழுத உட்கார்ந்த அன்று அவளிடம் நல்ல விஷயம் ஒன்று இருந்தது. பார்வையற்றவர்கள் போட்டித் தேர்வு எழுதும்போது, அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுவதற்கு ஒருவர் வேண்டும். இதுவரை பல தேர்வுகளுக்கு அவர்களே தெரிந்தவரைக் கூட்டிப் போகலாம். இனி அதைக் குறைத்து, தேர்வு நடத்துகிறவர்களே ஆள் தரும் முறைக்கு மாற வேண்டும் என்று புதிய நெறிமுறை வந்திருந்தது. ஏன் இப்போது என்ற கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான பதில் கிடைக்காது. பார்வையற்றோர் பள்ளி இருக்கிற ஊர். அவளே கல்லூரியில் படிக்கும்போது ஒருவருக்கு அப்படி எழுதியவள்.

முதல் பத்தியில் ஒரு மனிதர் வேண்டும். அவளுக்குத் தெரிந்த மனிதர் ஒருவர்தான்.

கோமதிசங்கர் கல்லிடைக்குறிச்சிக்காரர். அவளைவிட ஐந்து வயது மூத்தவர். பிறந்ததிலிருந்தே பார்வை இல்லை. பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிப் படித்து பட்டம் வாங்கி, வங்கி எழுத்தர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார். படித்துக் காட்ட ஆள் வேண்டும் என்று கல்லூரியில் கேட்டார்கள்; இரண்டாம் வருடம் படித்த ஸ்டெபி போனாள். நூலகத்துக்கு வெளியே சிமெண்டு பெஞ்சில் ஒரு வருடம் உட்கார்ந்து படித்தாள். அவர் கேட்டதும் மனதில் பதித்துக்கொள்வார். அவள் தடுமாறினால், "ஏட்டி, பொறவாசல் வழியா ஏன் போற, நேரா வா" என்று சிரிப்பார். தேர்வுக்கும் அவளையே கூட்டிப்போனார். இருவரும் உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அவள் கேள்வியைத் தாழ்ந்த குரலில் வாசிப்பாள், அவர் விடை எண்ணைச் சொல்வார், அவள் கணினியில் அதைச் சொடுக்குவாள்.

தேறுவதற்கு வேண்டியதைவிட முக்கால் மார்க் கூடுதலாக வாங்கி அவருக்கு வேலை கிடைத்தது. அல்வா வாங்கிவந்து முதல் துண்டை அவளிடம் நீட்டியபோது சொன்னதை இன்றைக்கும் போகிற இடமெல்லாம் சொல்வார். "முக்கால் மார்க்குதான். ஆனா அந்த முக்காலும் என்னுதாக்கும்."

அவள் மட்டும் அதைக் கேட்கிறபோதெல்லாம் தலையைக் குனிந்துகொள்வாள். அவர் பார்க்க மாட்டார் என்று தெரிந்தும்.

பன்னிரண்டாவது மின்னஞ்சலின் முதல் பத்தி இதுதான்:

"பொது அறிவுப் பகுதியில் அவர் மூன்று என்றார். விடை நான்கு என்று எனக்குத் தெரியும். என் கை மூன்றின் மேல் போய் நின்று, நான்கில் சொடுக்கியது. இன்னொரு கேள்வியிலும் அப்படியே செய்தேன். அவர் இன்று வங்கி ஊழியர். அவருக்கு இது தெரியாது. பிறர் தேர்வை எழுதுகிறவர்களின் கை யாருடைய கை என்பதைப் பற்றி எழுத விரும்புகிறேன்."

எழுதிவிட்டு மூன்று தடவை படித்தாள். அவள் எழுதியதிலேயே அதுதான் நல்ல பத்தி. ஏன் அப்படிச் செய்தோம் என்று ஆறு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் தோற்கக் கூடாது என்பதா, தனக்குத் தெரிந்ததை அடக்கி வைத்திருக்க முடியவில்லை என்பதா? பாஸ்டரிடம் சொல்லவில்லை. அம்மாவிடம் சொல்லவில்லை. முகம் தெரியாத ஒரு பொறுப்பாசிரியரிடம் சொன்னாள். பெரும்பாலும் பதில் வராத இடம் என்ற தைரியம்தான். பதினோரு தடவையில் ஒரே ஒரு மூன்று வரி, அவ்வளவுதான். பன்னிரண்டாவதும் அதே கிணற்றுக்குள்தானே விழப்போகிறது.

மறுநாள் காலை பதினொன்றே காலுக்குப் பதில் வந்துவிட்டது.

ராஜராஜேஸ்வரி இந்தத் தடவை நீளமாக எழுதியிருந்தார். ஆயிரத்து எண்ணூறு சொற்கள். மூன்று வாரம். மூவாயிரம் ரூபாய், இதழ் வெளியான அடுத்த மாதம். எழுதியவர் பெயரோடு வரும். இரண்டு நிபந்தனைகள். "முதல் பத்தி அப்படியே இருக்க வேண்டும், கட்டுரையே அதில்தான் இருக்கிறது. அவர் பெயரை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அவருக்குத் தெரியாமல் இதை நாங்கள் வெளியிட மாட்டோம். அவரிடம் முழுவதையும் சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். சரிபார்க்க நானும் அவரிடம் பேசுவேன்."

அன்று அச்சகத்தில் ஒரு கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயர் தப்பாக இருந்ததைக் கவனிக்காமல் விட்டாள்.

வீட்டில் அப்பா வழக்கம்போலக் கேட்டார். "வந்துச்சு" என்றாள். அவர் கையில் சோற்று உருண்டையோடு நிமிர்ந்து பார்த்தார். அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னார். ஒன்றரை வருடத்தில் அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை அவள் பார்த்ததில்லை. "பேரு போட்டு வருமாட்டி?" என்று இரண்டு தடவை கேட்டார்.

வெள்ளிக்கிழமை மதியம் வள்ளியூருக்குப் பஸ் ஏறினாள். கோமதிசங்கர் வேலை பார்க்கும் கிளை அங்கேதான். பணப்பரிமாற்றம் முடிந்து கவுண்டர்கள் ஓய்ந்திருந்தன. அவள் செருப்புச் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். பக்கத்து மேசைக்காரரிடம், இவதான் எனக்கு எழுதுன பிள்ள என்று அறிமுகம் செய்துவைத்தார். அந்த முக்கால் மார்க்கையும் சொன்னார். பக்கத்து மேசைக்காரர் முன்பே நூறு தடவை கேட்டவர்போலச் சிரித்தார்.

பஸ்ஸில் வரும்போது ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த வார்த்தைகள் ஒன்றுகூட அவளுக்கு நிற்கவில்லை. கட்டுரை ஒன்று எழுதப் போவதாகவும், அதில் அவர் வருவதாகவும் மட்டும் சொன்னாள். பொறுப்பாசிரியருக்கு எழுதிய மின்னஞ்சலை அப்படியே அவருக்கு அனுப்பினாள். அவர் மகிழ்ந்து போனார்.

"இங்கனயே கேட்டுருதேன்" என்று ஒரு காதில் இயர்போனைச் செருகிக்கொண்டார்.

அவருடைய போன் வாசிக்கும் வேகத்தை வேறு யாராலும் பின்தொடர முடியாது. இயர்போன் போட்டுவிட்டால் எந்த வரியில் இருக்கிறார் என்பதும் தெரியாது. ஸ்டெபி அவருடைய விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் திரையில் வலப்பக்கமாக நகர்ந்து நகர்ந்து போனது, அடுத்தது, அடுத்தது. உதட்டில் சிரிப்பு இருந்தது. பிறகு விரல் நின்றது. இடப்பக்கம் போனது. மறுபடி கேட்கிறார். மறுபடி இடப்பக்கம். மூன்றாவது தடவை இடப்பக்கம் போனபோது சிரிப்பு இருந்த இடம் வெறுமனே இருந்தது.

மீதியைக் கேட்காமலே இயர்போனைக் கழற்றி, வயரைச் சுற்றி, சட்டைப்பையில் வைத்தார்.

"ரெண்டு கேள்வி" என்றார் பைய.

"ஆமாண்ணே."

அவருடைய உதடு அசைந்தது. மனக்கணக்கில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. சரியாக இருந்தால் ஒன்று, தப்பாக இருந்தால் கால் குறையும். இரண்டு கேள்விக்கு இரண்டரை. இருநூறு மார்க்கை நூற்றுக்கு மாற்றும்போது ஒன்றே கால். அவள் ஆறு வருடமாகப் போட்டுப் பார்த்த கணக்கை அவர் ஒரு மூச்சில் முடித்தார். முக்காலைவிட ஒன்றே கால் பெரிது.

பக்கத்து மேசைக்காரர் டீ சொல்லட்டுமா என்று கேட்டார். கோமதிசங்கர் வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"பேர மாத்திருவேன்ணே. ஊரும் போட மாட்டேன்."

"என் பேர மாத்துவ. உன் பேர?"

அவளுக்குப் புரியவில்லை.

"படிவத்துல எழுதுனவ பேரு ஸ்டெபின்னுதான இருக்கு. நீயும் நானும் கையெழுத்து போட்ருக்கோம்லா. ஸ்டெபி எழுதுனது யாருக்குன்னு தேட எவ்ளோ நேரம் ஆவும்?" குரல் உயரவில்லை. மேசையைத் தடவி, பேனாவை எடுத்து, மறுபடி அதே இடத்தில் வைத்தார். "வேல போறது கெடக்கட்டும். மொதல்ல எங்கிட்ட சொல்லணும்னு ஒனக்குத் தோணலயா?"

ஆறு வருடம் ஒரு பஸ் தூரத்தில் இருந்த மனிதர்.

"அந்த மெயில திரும்ப வாங்க முடியுமா?"

"முடியாதுண்ணே. அழிக்கச் சொல்லிக் கேக்கலாம்."

"கேளு." போனை மேசைமேல் தள்ளி வைத்துவிட்டு, "எந்த ரெண்டு கேள்வி?" என்றார்.

ஒன்று, ஏதோ ஒரு நாட்டின் நாணயம் பற்றியது. அதைச் சொன்னாள். ஆமாம், அதில் எனக்குச் சந்தேகம் இருந்தது என்று தலையாட்டினார். இரண்டாவது? அவள் யோசித்தாள். அந்த அறையின் குளிர், பக்கத்துக் கணினியின் முனகல், தன் கை, எல்லாம் நினைவில் இருந்தன. கேள்வி இல்லை.

"ஞாபகம் வரலண்ணே."

"எனக்குத் தெரியணும்லா. நான் எதுல தப்புனேன்னு."

பஸ்ஸிலேயே உட்கார்ந்து ராஜராஜேஸ்வரிக்கு எழுதினாள். முதல் பத்தியை எடுத்துவிடுகிறேன், வேறு ஒருவரைக் கொண்டு தொடங்குகிறேன், முந்தைய மின்னஞ்சலைத் தயவுசெய்து அழித்துவிடுங்கள். நாங்குநேரி தாண்டும்போது பதில் வந்துவிட்டது. அழித்துவிட்டேன். அந்தப் பத்தி இல்லாமல் இது மற்றவர்களும் எழுதக்கூடிய செய்திக் கட்டுரைதான், மன்னிக்கவும். வேறு யோசனை இருந்தால் அனுப்புங்கள். மரியாதையான கடிதம். குறை சொல்ல ஒன்றும் இல்லை.

அப்பா அந்த வாரம் முழுக்க, எந்த மாசத்துப் புத்தகத்தில் வரும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். வராது என்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வரும்போது சொன்னாள். ஏன் என்று கேட்கவில்லை. அதற்குப் பிறகு சாப்பிடும்போது அந்தக் கேள்வியையும் கேட்பதில்லை.

கோமதிசங்கர் வாரத்துக்கு ஒரு குரல் பதிவாவது வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர். கிளைக்கு வருகிறவர்களைப் போலப் பேசிக் காட்டுவார். அது நின்றுவிட்டது. ஒரு மாதம் கழித்து எழுத்தில் ஒரு வரி வந்தது. "அந்த ரெண்டாவது கேள்வி ஞாபகம் வந்துதா?" பத்து நாள் கழித்து மறுபடி அதே வரி.

ஸ்டெபி பழைய பொது அறிவுப் புத்தகத்தைப் பரணிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஓரத்தில் அவளுடைய பென்சில் குறிகள். அணைகள், விருதுகள், தலைநகரங்கள். எதைச் சொன்னாலும் அவர் நம்புவார். ஒன்றைச் சொல்லிவிட்டால் அவருக்குக் கொஞ்சம் தூக்கம் வரலாம். ஒரு தலைநகரத்தின் பெயரைத் தட்டச்சும் செய்துவிட்டாள். விரல் அனுப்பும் குறிக்கு மேல் போய் நின்றது.

அதை ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள். "இல்லண்ணே, இன்னும் வரல" என்று எழுதி அனுப்பினாள்.

அவர் கேட்டுவிட்டார் என்பதற்கு அடையாளமாக இரண்டு டிக் குறிகள் நீலமாயின. வேறொன்றும் வரவில்லை.