முதல் வரியில் வைத்த ஊர்

மனைவி இறந்த பிறகு சென்னை வீட்டை விற்றுவிட்டுப் பழவேற்காட்டுக்குக் குடிவந்தேன். கடைத்தெருவில் ஒரு மாடி அறை. உடம்புக்கு நல்லது என்று மகளிடம் சொல்லியிருந்தேன். உண்மையான காரணம் வேறு. ஏரிக்கு அப்பால் வடக்கே ஒரு மீனவக் கிராமத்தில் என் பழைய நண்பனின் அக்காவைக் கட்டிக்கொடுத்திருக்கிறது. அவளைப் பார்க்க அவன் என்றாவது வருவான். வந்தால் இந்தப் படகுத்துறையில்தான் ஏற வேண்டும்.

அவன் என்னிடம் வேலை பார்த்தவன். நான் சென்னையில் ஒரு சிறிய ஆலோசனை நிறுவனம் நடத்தினேன். கடற்கரை, ஆறு, ஏரி சம்பந்தப்பட்ட ஆய்வுகள். அரசுத் துறையோ அறக்கட்டளையோ ஆலோசகர் தேவை என்று அறிவிப்பு வெளியிட்டால், முன்மொழிவு எழுதி அனுப்புவோம். மற்றவர்கள் வேலைத்திட்டத்தையும் செலவுக் கணக்கையும் எழுதுவார்கள். குழுவினரைப் பற்றிய பக்கங்களை நான் யாரிடமும் விட்டதில்லை.

ஒவ்வொருவருக்கும் ஒரு நீண்ட பயோடேட்டா கணினியில் இருக்கும். படிப்பிலிருந்து கடைசியாகச் செய்த வேலை வரை எல்லாம் அதில் உண்டு. அதை அப்படியே அனுப்பினால் மதிப்பெண் போடுகிறவர் பாதியில் நிறுத்திவிடுவார். அதனால் வாடிக்கையாளர் தன் பிரச்சினை என்று எதைச் சொல்லியிருக்கிறார் என்பதை முதலில் அடிக்கோடிட்டு வைத்துக்கொள்வேன். அந்தப் பிரச்சினையோடு யாருடைய வேலை ஒட்டுகிறதோ அவரைக் குழுவில் சேர்ப்பேன். அவருடைய பயோடேட்டாவில் ஒட்டுகிற வரிகளை மேலே ஏற்றுவேன், ஒட்டாதவற்றை வெட்டுவேன். ஆளுக்கு ஒரு பக்கம்தான். வெட்டலாம், ஆனால் இல்லாததைச் சேர்க்கக் கூடாது என்பது என் விதி. கடைசியில் சம்பந்தப்பட்டவர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். இந்த வேலையில் நான் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்திருந்தேன். அந்தப் பெயர் எனக்குப் பிடித்தும் இருந்தது.

ஒரு நாள் பழவேற்காடு ஏரியைப் பற்றி ஓர் அறக்கட்டளையின் அறிவிப்பு வந்தது. ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் மணல் சேர்ந்துகொண்டே இருக்கும். அது அடைத்துக்கொண்டால் இறாலும் மீனும் உள்ளே வருவது குறையும், படகுகள் கடலுக்குப் போக முடியாது. முகத்துவாரத்திலிருந்து ஏரிக்குள் வடக்கே ஒரு வாய்க்காலும் தெற்கே ஒரு வாய்க்காலும் போகின்றன. இருக்கிற பணத்தில் எதை முதலில் ஆழப்படுத்துவது என்று அளந்து சொல்ல வேண்டும். ஆனால் அறிவிப்பில் பிரச்சினை என்று எழுதியிருந்தது இதை அல்ல. "முந்தைய ஆய்வுகளைக் கிராமங்கள் ஏற்கவில்லை. மக்களின் நம்பிக்கையைப் பெறக்கூடிய குழு தேவை" என்று இருந்தது. அடிக்கோடு போட்டேன்.

என் நண்பன் நீர் ஆழம் அளக்கும் பொறியாளன். இரண்டு மாநிலங்களின் கழிமுகங்களில் படகில் திரிந்து மணல் நகர்வதை அளந்தவன். அவன் பயோடேட்டாவில் அந்த ஆய்வுகள் வரிசையாக இருந்தன. அவன் பிறந்தது பழவேற்காட்டின் வடக்குக் கிராமங்களில் ஒன்று என்பது அதில் எங்கும் இல்லை. ஒரு ரயில் பயணத்தில் பேச்சுவாக்கில் என்னிடம் சொன்னது அது.

அதை முதல் வரியாக வைத்தேன். "பழவேற்காடு ஏரியின் பாரம்பரிய மீனவக் குடும்பத்தில் பிறந்தவர்." ஆய்வுகளின் வரிசையைச் சுருக்கி, "கழிமுக ஆய்வுகளில் நீண்ட அனுபவம்" என்று ஒரே வரி ஆக்கினேன்.

அச்செடுத்த தாளோடு அவன் என் மேசைக்கு வந்தான்.

"இன்னாண்ணே இது? பொண்ணு பாக்க அனுப்பற ஜாதகம் மாதிரி கீது."

"அவங்க கேக்கறது நம்பிக்கை. உன்னைவிட யார்ப்பா பொருத்தம்?"

"அதான் வம்பே. எங்க ஊருக்கும் தெக்கு ஊருக்கும் பாட்டுத் தகராறு. எங்க நைனா காலத்துலேர்ந்து கேஸ் நடக்குது."

பாடு என்பது அந்த ஏரியில் முறை வைத்து வலை போடும் உரிமை. எந்த இடத்தில் யார் வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள். எல்லை எங்கே முடிகிறது என்பதில் ஊருக்கு ஊர் சண்டை உண்டு. இதெல்லாம் எனக்குத் தெரியும்.

"நைனா செத்ததும் அம்மா எங்களை இட்டுகினு பொன்னேரிக்கு வந்துட்டாங்கண்ணே. எனக்கு அப்ப அஞ்சு வயசு. தெக்கு ஊருல என் மூஞ்சி ஒருத்தருக்கும் தெரியாது. மெட்ராஸ்லேர்ந்து அளக்க வந்த ஆளுன்னா நான் சொல்றத கேப்பாங்க. இந்த வரிய எடுத்துடுங்க. அளந்த வேலையெல்லாம் திரும்பப் போடுங்க."

"அது எல்லா கம்பெனிக்காரன்கிட்டயும் இருக்கு. இது நம்மகிட்ட மட்டும்தான் இருக்கு."

"உங்களுக்கு ஜெயிக்கணும், அவ்ளோதானே" என்று சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான். அந்த வேலை எங்களுக்குக் கிடைத்தது. குழுவினர் பகுதிக்கு எல்லோரையும்விட அதிக மதிப்பெண் வாங்கியிருந்தோம்.

முதல் கூட்டம் தெற்குக் கிராமத்தின் புயல் பாதுகாப்புக் கட்டடத்தில் நடந்தது. அறக்கட்டளையின் அதிகாரி அம்மாள் நல்லவர். குழுவை அறிமுகப்படுத்த எங்கள் பக்கங்களைத் தமிழில் மொழிபெயர்த்துக் கொண்டுவந்திருந்தார். என்னுடையதைப் படித்தபோது யாரும் கவனிக்கவில்லை. அவனுடைய முதல் வரியைப் படித்ததும் பேச்சு நின்றது.

"இந்த ஏரியில எந்த ஊரு தம்பி?" என்று முன்வரிசையில் இருந்த ஊர்ப் பெரியவர் கேட்டார்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. ஊரைச் சொன்னான்.

"யாரு வூட்டுப் புள்ள?"

அப்பா பெயரைச் சொன்னான்.

"அடேங்கப்பா! கேஸ் போட்டவங்க வூட்டுப் புள்ளையே கயிறு புடிச்சி அளக்க வந்துக்குது" என்றார் பெரியவர். கட்டடம் முழுக்கச் சிரித்தது. பின்னாலிருந்து ஒருவர், "டீ குடுங்கப்பா, சம்பந்தி வூடு" என்றார். அவனும் சிரித்தான். நான் அதிகாரி அம்மாளிடம் குனிந்து, "நன்றாகப் பழகிவிட்டார்கள்" என்றேன்.

பல மாதங்கள் அவன் ஏரியிலேயே கிடந்தான். மழைக்கு முன்னும் பின்னும் அளந்தான். வடக்கு வாய்க்காலைத்தான் முதலில் ஆழப்படுத்த வேண்டும் என்று முடிவு வந்தது. தெற்கில் தோண்டினால் அடுத்த பருவத்துக்குள் மணல் திரும்பிவிடும். வடக்கு வாய்க்கால் அவனுடைய ஊரை ஒட்டிப் போகிறது.

"வேற எங்க சொல்லுவான்?" என்று தெற்குக் கிராமத்தில் கேட்டார்கள். அளவுகளைக் காட்ட அவன் விரித்த வரைபடத்தை யாரும் குனிந்து பார்க்கவில்லை. கூட்டம் பாதியில் கலைந்தது. சில நாட்களில் அதிகாரி அம்மாள் எனக்குத் தொலைபேசியில் பேசினார். இந்தப் பொறியாளரை வைத்துக்கொண்டு அறிக்கையை ஏற்கவைக்க முடியாது, வேறு ஆளை மாற்றுங்கள் என்றார். அவர் குரலில் தயக்கம் இருந்தது. "சார், அவருடைய அளவுகளில் உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறதா?" என்றும் கேட்டார்.

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "மாற்று ஆளின் பயோடேட்டாவை அனுப்புகிறேன்" என்றேன்.

முக்கிய நிபுணரை மாற்றினால் வருகிறவர் தகுதியில் குறைந்தவராக இருக்கக் கூடாது என்பது ஒப்பந்தம். விசாகப்பட்டினத்தில் ஒருவரைப் பிடித்தேன். அவருக்கு அந்த ஏரியோடு எந்த ஒட்டும் இல்லை. இந்த முறை பிறந்த ஊரை விட்டுவிட்டு, அவர் அளந்த கழிமுகங்களையெல்லாம் வரிசையாக மேலே ஏற்றினேன். அவர் வந்து சில இடங்களில் மட்டும் அளந்து சரிபார்த்தார். வடக்கு வாய்க்கால் என்றே முடிவு சொன்னார். தெற்குக் கிராமம் முணுமுணுத்துவிட்டு ஒத்துக்கொண்டது. என் நண்பன் எடுத்த அளவுகள் அந்த அறிக்கையில் பக்கம் பக்கமாக இருக்கின்றன. அவன் பெயர் இல்லை.

அந்த மாதக் கடைசியில் அவன் வேலையை விட்டான். எதுவும் கேட்கவில்லை. கோதாவரிப் பக்கம் ஏதோ வேலை கிடைத்தது என்று கேள்விப்பட்டேன். நான் தொலைபேசியில் அழைத்தால் எடுக்கமாட்டான். பிறகு நான் அழைப்பதை நிறுத்தினேன்.

இங்கே வந்த பிறகு காலையில் துறைக்குப் போய் உட்காருவது வழக்கமாகிவிட்டது. இறால் கூடைகள் இறங்கும், ஏலம் நடக்கும், கூட்டம் கலையும். டீக்கடைக்காரர் என்னைப் பார்த்தால் கேட்காமலே சர்க்கரை இல்லாத டீ போடுவார். அதற்கு மேல் என்னிடம் பேச யாருக்கும் எதுவும் இருந்ததில்லை.

போன பொங்கல் கழிந்து அவன் வந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. கையில் பழக்கூடை.

"சார், நல்லாருக்கீங்களா?" என்றான். அண்ணே என்று சொல்லவில்லை.

"இங்கதான் இருக்கேன்."

"அக்கா சொல்லிச்சி. உன் பழைய மொதலாளி தெனம் துறையில குந்திகினு கீறாருன்னு."

அவனுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. அத்தனை நாள் மனதுக்குள் சொல்லிப் பார்த்ததை எல்லாம் விட்டுவிட்டு, "அந்த வரியை நான் எடுத்திருக்கணும். நீ சொன்னப்பவே எடுத்திருக்கணும்" என்றேன்.

"விடுங்க சார். நானும் படிச்சிப் பாத்துதானே கையெழுத்து போட்டேன். அது என் தப்பும்தான்."

"அதுதான் உன்னை…"

"அது இல்ல சார்." அவன் கூடையைக் கீழே வைத்தான். "ஆள மாத்துங்கன்னு அந்தம்மா போன் பண்ணப்ப உங்கள ஒண்ணு கேட்டாங்களாம். அவங்களே அப்புறம் எனக்குச் சொன்னாங்க. இவன் அளந்தது கரெக்ட்டுன்னு நீங்க ஒரு வாட்டி சொல்லியிருக்கலாம். என் முழு பயோடேட்டாவும் உங்ககிட்டதான் இருந்துச்சி. அத அனுப்பியிருக்கலாம். அதுக்கப்புறமும் மாத்தச் சொன்னா மாத்திட்டுப் போங்க, நான் இன்னா சண்டையா போடப் போறேன்?"

இத்தனை வருடமும் நான் வருந்தியது அந்த முதல் வரிக்காக. அவன் வருந்தியது வேறொன்றுக்காக. அதை நான் ஒரு தடவை நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. ஆய்வு கைவிட்டுப் போய்விடக் கூடாது என்பதைத் தவிர அன்றைக்கு என் மனதில் எதுவும் இருக்கவில்லை.

"நீ அளந்தது சரி" என்றேன்.

"தெரியும் சார். தோண்டின வாய்க்கால்லதான் இப்ப எங்க அக்கா வூட்டுக்குப் போறேன்."

படகுக்காரர் கூப்பிட்டார். அவன் கூடையை எடுத்துக்கொண்டு ஏறி, எனக்கு முதுகைக் காட்டியபடி பலகையில் உட்கார்ந்தான். பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தான். படகு கிளம்பியது.

அந்தப் படகு சாயங்காலம் திரும்பும். அதில் அவனும் திரும்பியிருக்க வேண்டும். நான் துறைக்குப் போகவில்லை. ஜன்னல் வழியாக இன்ஜின் சத்தம் கேட்டது. ஆட்கள் இறங்கிப் பேசிக்கொண்டு பேருந்து நிற்கும் பக்கம் போனார்கள். யாரும் மாடிப்படி ஏறி வரவில்லை.