நான் மடை திறந்த காலை

எங்கள் ஊர் முக்கூடலுக்குப் பக்கம். குளத்து மடையின் ஷட்டரைத் திறந்து மூடும் வேலை பன்னிரண்டு வருஷம் என்னிடம் இருந்தது. மூடிவிட்டு வீட்டுக்கு வந்தபிறகும், மூடினேனா என்று இரண்டு தடவை திரும்பப் போய்ப் பார்ப்பேன். அப்படிப் பயந்து சாகிற நான்தான் இதைச் செய்தேன்.

மடைக்கு நேர் கீழே ஒருவருடைய வயல். ஊர்க்கூட்டத்தில் அத்தனை பேர் முன்னாலும் அவர் சொன்னார்: "ஆறாப்பு தாண்டாதவன் கையில மடைச் சாவியக் குடுத்தா தண்ணி எங்கவே ஒழுங்கா வரும்?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அது நெஞ்சில் தங்கிவிட்டது.

நெல் முற்றிவிட்டால் அறுப்பு முடிகிறவரை மடையைத் தொடக்கூடாது என்பது எங்கள் ஊர் வழக்கம். மார்கழியில் அடைமழை பிடித்தது. மூன்றாம் நாள் காலை குளம் தளும்பியது. அவர் வயலில் கதிர் தலை சாய்ந்து நின்றது, அறுக்கப் பத்து நாள்கூட இல்லை. நான் ஷட்டரை முழுக்கத் திருகித் திறந்தேன். 'வயல் முங்கட்டும்' என்று நினைத்தேன். வேறு எதுவும் நினைக்கவில்லை. யாராவது கேட்டால் குளத்தங்கரை உடையுமோ என்று பயந்து திறந்தேன் என்று சொல்லலாமென்று பொய்யைக்கூடத் தயாராக வைத்திருந்தேன்.

மத்தியானம் கீழத்தெருப் பக்கம் கரை நிஜமாகவே சரிந்தது. சரிந்து, உடையாமல் நின்றது. பார்க்க வந்த பொதுப்பணித்துறைக்காரர், நாலு விரல் தண்ணீர் கூடுதலாக இருந்திருந்தால் தெருவே போயிருக்கும் என்றார். காலையிலேயே மடையைத் திறந்ததற்காக ஊரார் எனக்குத் துண்டு போர்த்தினார்கள். வயல்காரரும் வந்தார். கையெடுத்துக் கும்பிட்டார்.

"என் பயிரு போனா போவுது அண்ணாச்சி. அம்புட்டு உசுரு தப்பிச்சுல்லா. அன்னைக்கி நான் பேசுனத மனசுல வச்சுக்கிடாதேயும்."

அதற்குப்பின் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கடைசியில் சைக்கிள் கடை நண்பரிடம் போனேன். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அங்கேயே விகாரைக்குப் போய்ப் புத்தரைப் பிடித்துக்கொண்டவர். டியூபுக்குப் பஞ்சர் ஒட்டியபடியே எல்லாவற்றையும் கேட்டார்.

"நல்லதுதானே நடந்திருக்கு? அப்ப நான் செஞ்சது நல்ல காரியம்தானே?" என்றேன்.

"கரை சரியப் போவுதுன்னு உமக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப தெருவ நீரு காப்பாத்தலவே. தெரு தப்பிச்சுது. அது வேற, நீரு செஞ்சது வேற. மனசுல ஒண்ண நினைச்சு முடிவு பண்ணுதோம்லா, அந்தச் சேதனையத்தான் புத்தர் வினைன்னாரு. உம்ம சேதனைக்கு வேரு வெறுப்பு. கரையப் பாத்துட்டு, அந்த மனுஷன் நெல்லு போகுதேன்னு பதறிக்கிட்டே இதே ஷட்டரத் திறந்திருந்தா, தண்ணி அதேதான். வினை வேற."

எனக்குக் கவலை வேறு பக்கம் ஓடியது. "அப்ப மனசு நல்லாருந்தாப் போதுமா? எவன் செத்தாலும் பரவாயில்லையா?"

"அவசரப்படாதேயும். கொலைக்கு அஞ்சு சேரணும். ஒரு உசுரு இருக்கணும், உசுருன்னு தெரியணும், கொல்லணும்னு நினைக்கணும், அதுக்கு முயலணும், அதனால அது சாகணும். தெரியாம எறும்ப மிதிச்சா கொலையில்ல. ஆனா பாக்க வேண்டியதப் பாக்காம நடந்தா அது அசட்டை. அதுவும் மனசோட கோளாறுதான். என்ன விளையும்னு யோசிக்கதும் நல்ல நினைப்புல சேத்திதான்வே. விளைஞ்சத மட்டும் வச்சு எடை போடாதேங்காரு புத்தர்."

"நினைச்சு நினைச்சு சாவுதேன். இனி என்ன செய்ய?"

"அப்படி மனச அரிச்சுக்கிட்டே கெடக்கதும் தெளியவிடாத ஒரு தடைதான். அதுல யாருக்கும் பிரயோசனம் இல்ல. தப்பத் தப்புன்னு பாரும், ஒத்துக்கிடும், இனி செய்யாதேயும்." டியூபை வாளித் தண்ணீரில் அமுக்கினார். "அந்த வயக்காரருகிட்ட இதச் சொல்லப் போறதுன்னா, எதுக்குச் சொல்லுதோம்னு முதல்ல பாத்துக்கிடும். உம்ம பாரம் எறங்கணும்னு மட்டுமா?"

அந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்காமலேயே மறுநாள் காலை வயல்காரரைப் பார்க்கப் போனேன். அழுகிய கதிரை வரப்பில் குவித்துக்கொண்டிருந்தார். நின்றபடியே உண்மையைச் சொன்னேன்.

"முங்கட்டும்னுதானா?"

"ஆமா."

"கரைய ஒரு தடவகூட நினைக்கலையா?"

"இல்ல."

கையிலிருந்த சேற்றை வேட்டியில் துடைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தார். "ஒன்னக் கும்பிட்டேனே லே," என்றார். "போன நெல்லு நாலு உசுருக்காகப் போச்சுன்னு தேத்திக்கிட்டுக் கெடந்தேன். வீட்டுல அவகிட்டயும் அதச் சொல்லித்தான் சாப்பிட வச்சேன். இப்ப அதையும் எடுத்துட்டியே."

சாவியை அன்றே ஊரில் ஒப்படைத்தேன். வயல்காரர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. என்னோடும் அதற்குப்பின் பேசவில்லை. அன்று வரப்பில் நின்றபோது என் மனசில் என்ன இருந்தது என்று இன்றும் பார்க்கிறேன். உண்மை அவருக்குச் சேர வேண்டும் என்பது இருந்தது. ஆனால் அவர் இடிந்துபோய் உட்கார்ந்தபோது, அதைப் பார்த்துக்கொண்டே, என் மூச்சு லேசானது. அதுவும் எனக்குத் தெரியும்.