பழைய சவ்வுகளுக்கு இன்னும் இரண்டு வருஷம்

எங்கள் பிளாண்ட்டில் மோட்டார் அழுத்தித் தள்ளும் போர்வெல்லின் உப்பேறிய சப்பத் தண்ணீரை வடிகட்டிக் குடிதண்ணீராக்குவது சவ்வுகள்தான். நீளக் குழாய்களுக்குள் சுருட்டி வைத்திருக்கும். ஐந்து வருஷத்தில் அடைத்துப்போகும், மாற்ற வேண்டும். பள்ளிக்கூடத்தோடு படிப்பை விட்ட நான், அங்கே ஆபரேட்டர்.

அந்த வருஷம் மாற்றும் முறை வந்தது. பேரூராட்சியோடு போட்ட ஒப்பந்தத்தில் ஏழு வருஷம் பாக்கி இருந்தது. அதன்பின் பிளாண்ட்டை இருக்கிறபடி சும்மா ஒப்படைக்க வேண்டும். ஆயிரம் லிட்டருக்கு இவ்வளவு என்று அரசுக் குழு வைத்த கட்டணத்தை நாங்கள் கூட்டவும் முடியாது. இப்போதே ஒப்படைத்துவிடலாமா என்று முதலாளி யோசித்தார். அப்படி நடந்தால் எனக்கு வேலை இல்லை.

கணக்குப் போட ஆடிட்டர் அம்மா ஈரோட்டிலிருந்து வந்தார். மோட்டார் ரூமுக்குப் பக்கத்து அறையில் லேப்டாப்பைத் திறந்தார். முதலாளி எதிரில் உட்கார்ந்தார், நான் கதவோரம் நின்றேன்.

"இன்னைக்கு மாத்தினா அஞ்சாம் வருஷம் மறுபடி மாத்தணும். அந்த செட்டு ரெண்டு வருஷந்தான் உழைக்கும், அப்புறம் அவங்களுக்குப் போயிரும். என்பிவி, அதான் செலவு போக இன்னைக்கு மதிப்புல நிக்கற மிச்சம், மைனஸ்ல நிக்குதுங்க அண்ணா."

"இப்பப் போடற செட்டையே ஏழு வருஷம் ஓட்டிப்போட்டா, அம்மணி?"

"அப்பவும் மொத்தப் பணமும் இன்னைக்கே போகுதுங்களே. கட்டணம் வருஷா வருஷம் கொஞ்சங் கொஞ்சமா வருது. தள்ளி வர்ற காசுக்கு இன்னைக்கு மதிப்புக் கம்மி. அப்பவும் கொஞ்சம் மைனஸ்தான்." பிறகு எதையோ மாற்றித் தட்டினார். "பழைய செட்டை இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டி, அப்புறம் மாத்தினா கடைசி வரைக்கும் அதே போதும். செலவும் தள்ளிப் போகுது. அடைச்ச சவ்வுல தண்ணியத் தள்ளக் கரண்ட் பில்லு கூடும், அதையும் போட்டுட்டேன். மயிரிழையில பிளஸ்ஸுங்க."

முதலாளி திரும்பிப் பார்த்தார். "ஏனப்பா, ஓடுமா?"

அடிக்கடி கழுவினால் ஓடும். கழுவுவதென்றால் ஓட்டத்தை நிறுத்தி, காஸ்டிக் கரைசலைச் சுற்றவிட்டு, ஊறவைத்து, அலசி, அப்புறம் சிட்ரிக் அமிலம். ஒரு பகல் முழுக்கப் போய்விடும். தண்ணீர்த் தேவை குறையும் ஞாயிற்றுக்கிழமையில்தான் செய்ய முடியும். அதையெல்லாம் சொல்ல நினைத்தேன்.

"பாக்கலாங்க" என்றேன்.

"நீ பேசறதவிட மோட்டாரு அதிகமாப் பேசுது" என்றார் முதலாளி. ஆடிட்டர் அம்மா சிரிக்கவில்லை. "பழைய செட்டுன்னா அடிக்கடி கழுவணுமே, அதுக்குக் கூடுதல் ஆள் கூலியைக் கணக்குல போடட்டுங்களா? போட்டா பிளஸ் நிக்காது."

"வேண்டாம், இவனே பாத்துக்குவான்."

நானும் தலையாட்டினேன். ஆடிட்டர் அம்மா கணக்கைச் சேமித்துவிட்டு எழுந்தார்.

பிளாண்ட் ஓடுகிறது. முதல் வருஷம் முடியப்போகிறது. ஞாயிறு கல்யாணங்களுக்கு வீட்டுக்காரி மட்டும் போய் வருகிறாள். வீட்டில் சட்டையைக் கழற்றினால் அமில வாடை. அழுத்தக் கடிகார முள் மெல்ல மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. நாளை ஞாயிறு. கரைசல் கலக்கும் டேங்க்கைக் கழுவி, காஸ்டிக் மூட்டையைப் பக்கத்தில் இழுத்து வைத்துவிட்டு வந்தேன்.