கெர்ட்ரூட்டின் இரண்டாவது ஸ்லைடு

கணவர் இறந்து, மகள் ஷார்மேன் பெர்த்துக்குக் குடிபோன பிறகு, கெர்ட்ரூட் வாய்விட்டுப் பேசியதே வேலைக்குப் போன நாள்களில்தான். கையுறைத் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவள் அவள். அது மூடப்பட்டதும், மற்ற ஆலைகளுக்குப் போய் இயந்திரப் பாதுகாப்புப் பயிற்சி நடத்த வாய்ப்புக் கேட்டுப் பார்த்தாள்.

அப்படிக் கேட்கப் போகும்போது திரையில் காட்டும் ஸ்லைடுகளில் இரண்டாவதில் அவளுடைய சான்றிதழ்கள், விருது, கோட்டு போட்ட படம் எல்லாம் இருந்தன. போன வாரம் ஓர் ஆலையில் அதை வாசித்து முடிப்பதற்குள் எல்லாரும் கைப்பேசிக்குள் போய்விட்டார்கள். நன்றி சொல்லி அனுப்பிவைத்தார்கள்.

அடுத்தது ஜெலாப்பாங் என்ற ஊரில் ஒரு பிஸ்கட் ஆலை. சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு அந்தப் பட்டியலை அழித்தாள். தன்னையே அழித்த மாதிரி இருந்தது. "இத்தனை வருட அனுபவம்" என்று எழுதினாள், பீற்றலாகப் பட்டது. "நான் ஒரு சாதாரண ஆள்" என்று மாற்றினாள். அதுவோ பொய். கேட்பதற்கு வீட்டில் ஆளில்லை. மகளுக்கு அனுப்பினாள். பார்த்ததற்கு அடையாளம் வந்தது, பதில் வரவில்லை.

பிஸ்கட் ஆலையில் உட்கார்ந்து கேட்கப்போகிறவர்களுக்கு என்ன கவலை இருக்கும் என்று அப்போதுதான் யோசித்தாள். கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்த விமலா ஞாபகத்துக்கு வந்தாள். இயந்திரம் துடைக்கும்போது வேறு யாரோ சுவிட்சைப் போட்டதில் இரண்டு விரலை இழந்தவள். இப்போது கடலோர ஊரான லூமுட்டில் மீன் விற்கிறாள். அவளைக் கேட்காமல் எழுத மனம் வரவில்லை. போன் செய்தாள்.

"பேரு வேணாம்க்கா. நடந்தத போடுங்க லா," என்றாள் விமலா. "அதுக்கப்புறம் யாருக்கும் ஆகலன்னும் போடுங்க."

ஸ்லைடில் மூன்றே வரி எழுதினாள்:

"துடைக்கும் நேரத்தில்தான் கை சிக்குகிறது.
எங்கள் ஆலையில் ஒருவருக்கு விரல் போனது. பிறகு துடைப்பவர்களே அவரவர் பூட்டை மெயின் சுவிட்சில் போட்டு, சாவியைப் பையில் வைத்துக்கொண்டார்கள்.
ஆலை மூடும்வரை இன்னொரு கை சிக்கவில்லை."

படம் வேண்டாமென்று விட்டாள். சான்றிதழ்களைக் கேட்டால் கொடுக்கலாமென்று கோப்பில் எடுத்துக்கொண்டாள்.

ஜெலாப்பாங்கில் பெயரை மட்டும் சொல்லிவிட்டு அந்த ஸ்லைடைப் போட்டாள். மேலாளர் தர்மா கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார்.

"எங்க மாவு பிசையிற மிக்ஸர்லயும் கிட்டத்தட்ட ஆயிருக்கும். போன மாசம்," என்றார். "ஷிப்ட் மாறும்போது சாவி யார்கிட்ட இருக்கும்?"

"பூட்டுனவங்கதான் திறக்கணும். அடுத்த ஷிப்ட் ஆளு தன் பூட்டப் போட்ட பிறகுதான் இவங்க தங்களோடத எடுப்பாங்க."

கேள்விகள் தொடர்ந்ததில் மீதி ஸ்லைடுகளுக்குப் போகவே நேரம் பிடித்தது. எல்லா ஷிப்டுக்கும் பயிற்சி கொடுக்கச் சொல்லி, கிளம்புமுன் தர்மா தேதியும் குறித்துத் தந்தார்.

காருக்கு வந்ததும் மகளை அழைத்தாள். மணி அடித்து ஓய்ந்தது. விமலாவை அழைக்கலாமென்றால், அவள் மீன் சந்தையில் இருக்கும் நேரம் இது.

"வேலை கிடைச்சிருச்சு," என்று கெர்ட்ரூட் காருக்குள் சத்தமாகவே சொன்னாள். வண்டியைக் கிளப்பினாள்.