உடனே வந்த மூன்று வெள்ளி

தெப்ராவிலிருந்து பாசிர் கூடாங் போகும் எங்கள் பேக்டரி பஸ்ஸில் எனக்கு ஒரு பதவி இருந்தது. யாரும் கொடுத்ததல்ல, நானாக எடுத்துக்கொண்டது. இணையத்தில் எதையாவது வாங்க நினைப்பவர்கள் முதலில் என்னிடம் வருவார்கள். எந்தக் கூப்பன் வேலை செய்யும், எந்தத் தளம் வழியாகப் போனால் கேஷ்பேக் கிடைக்கும் என்று கேட்பார்கள். நானும் பெரிய டாக்டர் மாதிரி அவர்கள் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, கொஞ்சம் யோசிப்பதுபோல் பாவனை செய்து, பதில் சொல்வேன்.

அந்தப் பெருமைக்குக் காரணம் ஒரே ஒரு தளம். பல வருடங்களாக அதைத்தான் பயன்படுத்துகிறேன். அதில் கடையின் பெயரைத் தட்டினால் கடைக்கே கொண்டுபோய் விடும். வாங்குவதெல்லாம் கடையில்தான். நம்மை அனுப்பி வைத்ததற்காகக் கடை அந்தத் தளத்துக்குக் கமிஷன் கொடுக்கும், அதில் ஒரு பங்கு நமக்கு வரும். ஆனால் சட்டென்று வராது. பொருளைத் திருப்பி அனுப்பும் நாள் முடிய வேண்டும், கடை உறுதி செய்ய வேண்டும். அதுவரை என் கணக்கில் 'நிலுவை' என்று கிடக்கும். இரண்டு மாதம்கூட ஆகும். காத்திருந்து காத்திருந்து நான் இதுவரை வாங்கியது ஒரு மிக்சியும் ஒரு நல்ல குடையும்.

பஸ்ஸில் பக்கத்து சீட் அக்காவுக்கு இந்தக் காத்திருப்பு பிடிக்காது. என்னைவிட எட்டு வயது பெரியவர். ஒரே லைனில் நின்று வேலை செய்கிறோம். பன்னிரண்டு மணி நேரம் நின்று நின்று அவர் முட்டி போய்விட்டது, பஸ் படியில் ஏறும்போது கம்பியை இரண்டு கையாலும் பிடிப்பார். அவருக்கு இன்னொரு தொழிலும் இருந்தது. ஆறு வருடமாக ஒரு பெரிய ஆன்லைன் சந்தையில் முறுக்கு விற்றுவந்தார். பஸ்ஸில் எங்களுக்கு விற்ற ஒரு டின்னில் தொடங்கியது அது. குளுவாங், மூவார், சிங்கப்பூர் என்று வாடிக்கையாளர்கள் பெருகி, நட்சத்திரமும் நல்ல வார்த்தையுமாக அவர் கடைப் பக்கம் நிறைந்திருந்தது.

"இந்தத் தீபாவளி ஓடர் மட்டும் நல்லா வந்துட்டா, வேலைய விட்டுடுவேன்மா. முட்டிக்கு இதுக்கு மேல தாங்காது லா" என்று அந்த வருடம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். சும்மா சொல்லவில்லை. மேற்பார்வையாளரிடம் வாய்மொழியாகச் சொல்லியும் வைத்திருந்தார்.

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது எனக்குப் புதிதாக ஒரு கேஷ்பேக் தளத்தின் லிங்க் வந்தது. எங்கிருந்து வந்தது என்பது இன்றும் நினைவில்லை. வாங்கும் எந்தப் பொருளுக்கும் முப்பது சதவீதம், நிலுவையே கிடையாது, உடனுக்குடன். எனக்குச் சந்தேகம் வந்தது, அதை நான் மறுக்கவில்லை. சந்தேகத்தைத் தீர்க்க எங்கள் பஸ்ஸுக்கென்று ஒரு சோதனை உண்டு. ஓவர்டைம் கிளெய்மானாலும், சீட்டுப் பணமானாலும், ஏஜென்ட் வாக்கானாலும் நாங்கள் கேட்பது ஒரே கேள்வி: காசு கைக்கு வந்துச்சா? வந்தால் நல்லது, வராவிட்டால் களவாணி. கிளெய்ம் தாள்களைத் தொலைக்கும் ஆபீசுகளோடு இருபது வருடம் மாரடித்தவர்களுக்கு இதைவிடப் பெரிய சட்டம் இல்லை.

பதிவு செய்தேன். வரவேற்புத் தொகை மூன்று வெள்ளி, அதாவது மூன்று மலேசிய ரிங்கிட். எடுத்துப் பார்த்தேன். டீ ஆறுவதற்குள் என் இ-வாலட்டில் வந்து விழுந்தது.

அப்போது யோசித்திருக்க வேண்டியது ஒன்றுதான். எந்தக் கடையிலும் நான் எதையும் வாங்கவில்லை, அப்படியானால் அந்த மூன்று வெள்ளி யார் பணம்? கடையிடமிருந்து கமிஷன் வருவதற்கு முன்னால் எந்த நேர்மையான தளமும் தன் கையிலிருந்து இப்படி வாரி இறைக்க முடியாது. காக்க வைப்பதுதான் அதன் நேர்மை. இதை நானே பத்துப் பேருக்கு விளக்கியிருக்கிறேன். மூன்று வெள்ளியைக் கண்டதும் மறந்துபோனது.

அடுத்த பக்கத்தில் 'வேகமான கேஷ்பேக்குக்கு உங்கள் கடைக் கணக்கை இணையுங்கள்' என்று இருந்தது. அக்கா விற்கும், நானும் வாங்கும் அதே ஆன்லைன் சந்தையின் நிறம், அதன் சின்னம், போன் நம்பரும் பாஸ்வேர்டும் போடும் இரண்டு பெட்டி. நான் இணைக்கவில்லை. சூட்டிகையால் அல்ல. விரலை வைத்தே உள்ளே போய்ப் பழகிவிட்டதால் என் பாஸ்வேர்டு எனக்கே மறந்துவிட்டது. 'பிறகு' என்பதை அழுத்திவிட்டு வெளியே வந்தேன்.

இன்னொன்றும் இருந்தது. ஓர் ஆளைச் சேர்த்துவிட்டால் ஐந்து வெள்ளி. என் பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த வருடமும் சேர்ந்த ஒரு குறியீட்டை அதுவே செய்து கொடுத்தது.

மறுநாள் காலை பஸ்ஸில் அக்கா கடலை மாவு, எண்ணெய், காலி டின் எல்லாம் மொத்தமாக வாங்கப் போவதாகச் சொன்னார். "ஏதாச்சும் நல்ல சைட் இருக்கா?"

லிங்கை அனுப்பினேன்.

"காசு வந்துச்சா?"

"வந்துச்சுக்கா. அஞ்சு நிமிசத்துல."

அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. குறியீட்டைப் பற்றி நானும் வாய் திறக்கவில்லை. அன்று மதியம் என் கணக்கில் ஐந்து வெள்ளி ஏறியது.

அக்காவின் பாஸ்வேர்டு அவருக்கு மறக்காது. அது அவர் கடைச் சாவி, தினமும் பலமுறை போடுகிற ஒன்று. வாங்குவதற்கும் விற்பதற்கும் ஒரே கணக்கு. அந்தப் பக்கத்தில் போட்டார். உடனே போனுக்கு ஆறு இலக்க எண் வந்தது. அதையும் கேட்டது, அதையும் போட்டார். 'இணைக்கப்பட்டது' என்று பச்சையில் ஒரு டிக் வந்ததாம்.

இரண்டு நாள் கழித்து காண்டினில் சாப்பாட்டு வேளையில் அவர் போனை என் முன்னால் வைத்தார். கடை திறக்கவில்லை. பாஸ்வேர்டு தவறு என்றது. மறந்துவிட்டேன் என்று அழுத்தினால், அவருடையதல்லாத ஒரு போன் நம்பருக்கு எண் அனுப்பியிருப்பதாகச் சொன்னது.

"அலமாக், என்னம்மா இது?"

நான் அந்த லிங்கை மறுபடி திறந்து, அப்போதுதான், முகவரியை முழுசாகப் படித்தேன். சந்தையின் பெயர் முன்னால் இருந்தது. அதற்குப் பின்னால் ஒரு கோடு, அதற்குப் பின்னால் வேறு என்னென்னவோ. என் பழைய தளம் ஒருநாளும் கடையின் பாஸ்வேர்டைக் கேட்டதில்லை. பணம் போட வங்கிக் கணக்கு எண் கேட்கும், அவ்வளவுதான். கடைக்குள் நுழைவதற்கான எண்ணையெல்லாம் கேட்க அதற்கு அவசியமே இல்லை. அந்தச் சாப்பாட்டை நான் தொடவில்லை.

உள்ளே புகுந்தவர்கள் கணக்கின் நம்பரையும் மின்னஞ்சலையும் மாற்றியதோடு நிற்கவில்லை. அக்காவின் பழைய வாடிக்கையாளர்களுக்கு அக்காவாகவே செய்தி அனுப்பினார்கள்: தீபாவளிச் சலுகை, இந்த வங்கிக் கணக்கில் நேரே போட்டால் பாதி விலை. நான்கு பேர் போட்டுவிட்டார்கள். ஆறு வருடப் பழக்கம், ஏன் போடமாட்டார்கள்?

வேலை முடிந்து நேராகப் போலீஸ் நிலையத்துக்குப் போனோம். கோப்ரல் இளையவர், பொறுமையானவர். லிங்கைப் பார்த்துத் தட்டச்சு செய்துகொண்டே வந்தவர் கடைசியில் நிறுத்தி, மலாயில் கேட்டார், "லிங்கின் கடைசியில் இருக்கும் இந்தக் கோட் யாருடையது?"

அக்கா குனிந்து பார்த்தார். என் பெயரின் நான்கு எழுத்து, நான் பிறந்த வருடம். இரண்டுமே அவருக்கு மனப்பாடம்.

"என் கூட்டாளி, இதோ பக்கத்துல இருக்காளே, இவதான். பாவம், இவளும் ஏமாந்தவதான்" என்று மலாயிலேயே சொன்னார்.

கோப்ரல் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். என் வாழ்க்கையில் நான் செய்த கேவலமான காரியங்களில் அந்தத் தலையாட்டலுக்கு நல்ல இடம் உண்டு. நான் எதையும் இழக்கவில்லை. எனக்கு மூன்று வெள்ளி கைக்கே வந்திருந்தது.

போலீஸ் ரிப்போர்ட்டும் அடையாள அட்டையின் நகலும் சந்தை நிறுவனத்துக்கு அனுப்பி, ஒன்பது நாள் கழித்துக் கணக்கு திரும்பி வந்தது. ஆனால் அந்த நான்கு பேர் கொடுத்த புகாரால் கடைக்கு மதிப்பெண் வெட்டியிருந்தார்கள். தேடினால் அக்காவின் முறுக்கு கண்ணிலேயே படவில்லை. தீபாவளி ஓடர் வர வேண்டிய வாரங்கள் அப்படியே போயின.

அந்த நான்கு பேருக்கும் அக்கா தன் செலவில் முறுக்கு அனுப்பினார். "என் பேருலதானே கேட்டாங்க" என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வீட்டுக்குப் போய் மாவு பிசைந்து கொடுத்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடி அச்சில் மாவைப் பிழிந்துகொண்டிருந்தார். அங்கேதான் சொன்னேன், அந்தக் குறியீட்டால் எனக்கு ஐந்து வெள்ளி வந்தது என்று. எடுக்கப் போனபோது இன்னும் பத்துப் பேரைச் சேர்த்தால்தான் தருவேன் என்று அந்தத் தளம் சொன்னதையும் மறைக்கவில்லை.

அவர் பிழிவதை நிறுத்தவில்லை. "தெரியும்மா. போலீஸ் பாலாய்ல அந்தக் கோட் பாத்தப்பவே புரிஞ்சுச்சு. அஞ்சு வெள்ளி பெரிய காசு இல்ல."

வெந்த முறுக்கைக் கரண்டியால் எடுத்து வடியவைத்துவிட்டுச் சொன்னார்:

"இதுல உனக்கும் காசு வருதுன்னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் கொஞ்சம் யோசிச்சிருப்பேன்."

திட்டியிருந்தால் பரவாயில்லை. என் பழைய தளத்தின் அடியில் சிறிய எழுத்தில் ஒரு வரி இருக்கும்: நீங்கள் வாங்கினால் எங்களுக்குக் கமிஷன் கிடைக்கும். பல வருடமாக அதைத் தாண்டித்தான் போய்க்கொண்டிருந்தேன். அந்த ஒரு வரியைச் சொல்ல ஒரு வெப்சைட்டுக்கு இருந்த யோக்கியதை எனக்கு இல்லாமல் போனது.

இப்போது எங்கள் பஸ் ஆட்களின் சாட் குழுவில் எந்த லிங்க் அனுப்பினாலும் முதல் வரியில் எனக்கு எவ்வளவு வரும் என்று எழுதிவிடுகிறேன். கடைப் பாஸ்வேர்டு கேட்டால் மூடிவிடுங்கள் என்றும் எழுதுகிறேன். சிலர் திறக்கிறார்கள், சிலர் கிண்டல் செய்கிறார்கள். அக்கா வேலையை விடவில்லை. காலையில் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து ஏறி வந்து என் பக்கத்தில் உட்காருகிறார். என் செய்தியைக் கடைசி வரி வரைக்கும் நிதானமாகப் படிக்கிறார். பிறகு போனைப் பைக்குள் வைத்துவிட்டு முட்டியைத் தேய்த்துக்கொள்கிறார்.