சீல் வைத்த அறிவிப்பு

எங்கள் கம்பெனியில் சம்பளம் ஐந்தாம் தேதி. கோவையில் சரவணம்பட்டியைத் தாண்டி, ஐ.டி. பார்க்குகளின் கண்ணாடிக் கட்டடங்கள் முடிந்து காடுதோட்டம் தொடங்கும் இடத்தில், தண்ணீர் மோட்டார் செய்கிற நடுத்தர அளவுக் கம்பெனி அது. நான் அங்கே பணியாளர் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். லீவு, பி.எஃப்., கேன்டீன் சண்டை, கம்பெனி பஸ் வராத புகார் எல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். பதினோரு வருடமாகச் சம்பளம் தள்ளிப்போனதே இல்லை என்பதால், அதைப் பற்றி அறிவிப்பு எழுதவும் எனக்குத் தெரியாது.

அந்த மாதம் நாலாம் தேதி சாயங்காலம் எப்போதும் போலத்தான் நடந்தது. கணக்குப் பிரிவில் இருந்தவர் எல்லோருடைய கணக்கு எண்ணும் தொகையும் கொண்ட ஃபைலை பேங்க் தளத்தில் ஏற்றினார். முதலாளி தன் போனுக்கு வந்த ஓ.டி.பி.யைப் போட்டு ஒப்புதல் கொடுத்தார். கம்பெனி கணக்கிலிருந்து பணம் மொத்தமாகக் கழிந்தது. மறுநாள் காலையில் யாருக்கும் வரவில்லை. திரையில் 'ப்ராசஸிங்' என்று மட்டும் இருந்தது. மத்தியானம் வரை அதையே காட்டியது.

"இன்னொருக்கா ஏத்திப்போடலாங்களா?" என்று கணக்குக்காரர் கேட்டார். முதலாளி வேண்டாம் என்று தலையாட்டினார். பணம் ஏற்கெனவே வெளியே போய்விட்டது. திரும்ப ஏற்ற கணக்கில் அவ்வளவு இல்லை. இருந்து ஏற்றினாலும், மாட்டிக்கொண்டது விடுபட்டால் இரண்டு சம்பளம் போய்விடும்.

கணக்குக்காரரும் நானும் காந்திபுரத்தில் இருக்கும் பேங்க் கிளைக்குப் போனோம். எங்களுக்கு முன்பே வேறு இரண்டு கம்பெனிக்காரர்கள் மேனேஜர் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தார்கள். அவர்களும் சம்பளத்துக்காக வந்தவர்கள்தான் என்று தெரிந்ததும் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் சங்கடமாக இருக்கிறது. மேனேஜர் சின்ன வயதுக்காரர். சட்டைக் கை இரண்டும் கசங்கியிருந்தன. வார இறுதியில் புது மென்பொருளுக்கு மாறினார்களாம். மொத்தமாக ஏற்றும் ஃபைல்கள் மட்டும் வரிசையில் நின்றுவிட்டனவாம்.

"எப்போ வருங்க?" என்றேன்.

"நாளைக்கோ நாளன்னிக்கோ வந்துரும் மேடம்."

"நாளைக்குங்களா, நாளன்னிக்குங்களா? ஆளுங்களுக்கு நான் ஒரு தேதி சொல்லோணுங்க."

அவர் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். "நாளன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள அவங்க கணக்குல ஏறும், இல்லாட்டி உங்க கணக்குக்கே திரும்பிரும். ரெண்டுல ஒண்ணு நிச்சயம். மெயில்ல எழுதித் தர்றேன்."

பஸ்ஸில் திரும்பினோம். என் கைப்பையில் போன் அதிர்ந்தது. என் வீட்டுக்கடன் தவணைக்குப் போதிய இருப்பு இல்லை என்று குறுஞ்செய்தி. எனக்கும் ஐந்தாம் தேதிதான். எனக்கும் சம்பளம் வரவில்லை என்பது அப்போதுதான் முழுசாக உறைத்தது. போனைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டேன்.

முதலாளி அறையில் உட்கார்ந்து அறிவிப்பை எழுதினோம். அவர் நாளைக்கே என்று போடச் சொன்னார். நான் ஏழாம் தேதி, வெள்ளிக்கிழமை என்றேன்.

"எதுக்கு அம்மணி ரெண்டு நாள்? ஒரு நாள்னு போட்டா ஆளுங்க அமைதியா இருப்பாங்கல்ல?"

"நாளைக்கு வரலைன்னா மறுபடியும் ஒரு நோட்டீஸ் ஒட்டோணுங்க. ரெண்டாவது நோட்டீஸை யாரும் நம்ப மாட்டாங்க. ஏழாந்தேதிக்குள்ள குடுத்தாகணும்னு சட்டமே இருக்குதுங்க, அதைத் தாண்டாது. அன்னைக்குப் பணம் திரும்பி வந்தாலும் இன்னொரு பேங்க் வழியா உடனே அனுப்பிப்போடலாம்."

அவர் யோசித்துச் சரி என்றார். மோட்டார் விற்று வாங்கிய காசைச் சம்பளத்துக்கென்று எடுத்து வைத்துவிட்டு, அது இருந்தும் இல்லாத மாதிரி ஆகிப்போன மனிதர். அன்று அவர் மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டி திறக்கப்படாமலே மேஜை ஓரத்தில் இருந்தது.

முதலில் நான் 'தொழில்நுட்பக் காரணங்களால்' என்று எழுதினேன். படித்துப் பார்த்தபோது, நானே நம்பாத வாக்கியமாக இருந்தது. அடித்துவிட்டு நடந்ததை எழுதினேன். சம்பளப் பணம் நாலாம் தேதியே கம்பெனி கணக்கிலிருந்து பேங்குக்குப் போய்விட்டது. பேங்கின் மென்பொருள் மாற்றத்தால் உங்கள் கணக்கில் ஏறவில்லை. ஏழாம் தேதி சாயங்காலத்துக்குள் ஏறிவிடும். தவணை திரும்பியதால் யாருக்காவது அபராதம் விழுந்தால் அதற்கான குறுஞ்செய்தியைக் காட்டினால் கம்பெனி கொடுத்துவிடும். வேலை, வேலைநேரம் எதிலும் மாற்றமில்லை. அந்தக் கடைசி வரியை முதலாளி சேர்க்கச் சொன்னார். 'அச்சப்பட வேண்டாம்' என்று எங்கும் எழுதவில்லை. அதைப் படித்தால்தான் பயம் வரும் என்று தோன்றியது. கீழே 'நிர்வாகம்' என்று அடித்து, டைம் ஆபீஸ் பக்கத்துப் பலகையில் ஒட்டினேன்.

ஷிஃப்ட் மாறும் நேரம். கூட்டம் கூடியது. யாரும் சத்தம் போடவில்லை. படித்தார்கள், படிக்கத் தெரியாதவருக்குப் படித்துச் சொன்னார்கள், பஸ்ஸுக்குப் போனார்கள். அந்த அமைதி எனக்குச் சரியாகப் படவில்லை.

மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றும் பிரிவில் மேட்டுப்பாளையம் பக்கத்திலிருந்து வரும் ஒரு அம்மா உண்டு. காலை பஸ்ஸில் ஏறினால் இறங்கும்வரை தூங்கி வருவார். அவர் மட்டும் பலகை முன்னால் நின்று போனில் படம் எடுத்தார். எடுத்ததைப் பார்த்துவிட்டு என் அறைக்கு வந்தார்.

"ஏனுங்க மேடம், இதுல சீல் இல்லீங்களே?"

"எதுக்குங்க சீல்? கம்பெனி நோட்டீஸ்தானே."

"எனக்கு வேண்டாங்க, நான் நம்பறேன். நாளைக்கு வியாழக்கிழமை, மகளிர் குழுக் கடன் கலெக்ஷனுக்கு ஒரு பொண்ணு வருமுங்க. வாயில சொன்னா கேக்காது. குழுவுல ஒருத்தி கட்டாட்டி மத்த ஒன்பது பேரும் எந்திரிக்காம எங்கூட்டு வாசல்லயே உக்காந்திருக்கோணும். கம்பெனி சீலோட ஒரு காயிதம் இருந்தா காட்டிப்போடுவேன்."

அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கதவருகே இன்னும் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். ஒருவருக்கு வீட்டு ஓனரிடம் காட்ட வேண்டும். ஒருவருக்குப் பெண்ணின் கல்லூரியில். அசெம்ப்ளியில் இருக்கும் ஒருவர் டூவீலர் ஃபைனான்ஸ்காரர் காலையிலிருந்து போன் செய்கிறார் என்றார். அவர்களைச் சமாதானப்படுத்த நான் அவ்வளவு நேரம் வார்த்தை தேடினேன். அவர்களுக்கோ வேறு ஒருவரைச் சமாதானப்படுத்த ஒரு தாள் வேண்டியிருந்தது.

கம்பெனி சீல் முதலாளியின் மேஜையில் இருந்தது. அறிவிப்பின் இன்னொரு பிரதியோடு போய்க் கேட்டேன். அவர் முகம் மாறிவிட்டது.

"அம்மணி, பலகையில ஒட்டறது வேற, சீல் போட்டு வெளிய அனுப்பறது வேற. இந்தக் கம்பெனி சம்பளம் போடலைன்னு நானே கையெழுத்துப் போட்டு ஊர் முழுக்கக் குடுக்கறதா? கடனுக்குக் காப்பர் கம்பி குடுக்கறவனுக்குத் தெரிஞ்சா என்னாகும், யோசிச்சீங்களா?"

"பணம் போயிருச்சு, பேங்க்ல நிக்குதுன்னுதானுங்க எழுதியிருக்கு."

"அதை யாரு படிக்கறா? 'ஏறவில்லை'ங்கற ஒரு வரியைத்தான் படிப்பாங்க."

அவர் சொன்னது பொய்யில்லை. காலையிலிருந்து நின்ற கால் வலித்தது. கேட்காமலே அவர் எதிரில் உட்கார்ந்துவிட்டேன். "எனக்கும் இன்னைக்குத் தவணை திரும்பிருச்சுங்க," என்றேன். சொல்ல வேண்டும் என்று வந்ததல்ல, வாயில் வந்துவிட்டது.

அவர் என்னைப் பார்த்தார். அதற்குமுன் அவர் அதை நினைத்துப் பார்த்திருக்கவில்லை என்று தெரிந்தது. பிறகு பேனாவை எடுத்து, 'நிர்வாகம்' என்ற சொல்லுக்கு மேலே கையெழுத்துப் போட்டு சீலை வைத்தார். "யாரு கேக்கறாங்களோ அவங்களுக்கு மட்டும் காப்பி எடுத்துக் குடுங்க. பேங்க் மெயிலையும் பின்னாடி சேர்த்துக் குடுத்துருங்க," என்றார்.

கேட்டவர்கள் என்றால் எல்லோரும்தான் என்று ஆனது. ஜெராக்ஸ் மெஷின் சூடாகி நின்று, மறுபடி ஓடியது. காப்பியில் சீல் கறுப்பாக விழுகிறது, ஒரிஜினல் மாதிரி இல்லை என்றார்கள். ஒவ்வொன்றிலும் ஊதா மையில் தனித்தனியாக வைத்துக் கொடுத்தோம். கடைசியில் கணக்குக்காரரும் தனக்கு ஒன்று எடுத்துக்கொண்டார். நானும் எடுத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை மத்தியானம் அதே பேங்கில் கணக்கு வைத்திருந்தவர்களுக்கு மட்டும் சம்பளம் ஏறியது. மற்றவர்களுக்கு இல்லை. நான் எதிர்பார்க்காத தொல்லை அதுதான். சூப்பர்வைசர்களில் பாதிப்பேர் அந்த பேங்க். பெரிய ஆட்களுக்கு மட்டும் போட்டுவிட்டார்கள் என்று ஷெட்டுக்குள் பேச்சு பரவி, பெயின்ட் பிரிவில் வேலை நின்றது. நான் லைன் லைனாகப் போய், ஒரே பேங்க் என்றால் உடனே ஏறும், வேறு பேங்குக்குப் போவது இன்னும் வரிசையில் நிற்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தேன். எனக்கும் இன்னும் வரவில்லை என்று போனைத் திறந்து காட்டினேன். அதற்குப் பிறகுதான் மெஷின்கள் ஓடின. காட்டியிருக்க வேண்டியதில்லை என்று பிறகு தோன்றியது. என் கணக்கில் எவ்வளவு குறைவாக இருந்தது என்று பெயின்ட் பிரிவு முழுக்க அன்று தெரிந்துபோனது.

வெள்ளிக்கிழமை டீ நேரத்துக்குப் பிறகு ஒவ்வொரு போனாக ஒலித்தது. ஷெட்டுக்குள் போன் எடுக்கக்கூடாது என்பது விதி. அன்று யாரும் யாரையும் கேட்கவில்லை. காயில் பிரிவு அம்மா மெஷினை நிறுத்திவிட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, திரையை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நான் அந்தப் பக்கம் போனபோது, "வந்துருச்சுங்க," என்றார்.

"குழுப் பொண்ணு என்ன சொல்லுச்சுங்க?"

"காயிதத்தைப் போட்டோ எடுத்துட்டுப் போச்சு. சனிக்கிழமை வரைக்கும் டைம் குடுத்துச்சு. வாசல்ல யாரும் உக்காரலைங்க."

அசெம்ப்ளிக்காரரின் டூவீலர் கடனுக்கு அந்தத் தாள் எடுபடவில்லை. ஃபைனான்ஸ்காரர்கள் அதைப் படிக்கக்கூட இல்லையாம். கம்பெனி அவருக்கு அபராதத்தைக் கொடுத்தது. எனக்கும் கொடுத்தது.

முதலாளி பயந்ததும் நடந்தது. அடுத்த வாரம் காப்பர் கம்பி கொடுக்கிறவர் போன் செய்தார். இனிமேல் கடனுக்கு இல்லை, முன்பணம் கொடுத்தால்தான் லோடு என்றார். அந்தத் தாள் யார் மூலம் அவருக்குப் போனது என்று தெரியவில்லை. முதலாளி பேங்க் மெயிலை எடுத்துக்கொண்டு நேரிலேயே போய்ப் பேசிப் பார்த்தார். கம்பிக்காரர் இறங்கிவர மூன்று மாதம் ஆனது. அத்தனை நாளும் முதலாளி என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கணக்குக்காரர் சொல்லித்தான் தெரியும். அவரே என்னைத் திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

இப்போது சம்பள ஃபைலை மூன்றாம் தேதியே ஏற்றிவிடுகிறோம். ஏற்றிய மறுநாள் காலையில் கம்பெனி பஸ்ஸில் வரும்போது, வழியெல்லாம் போனைத் திறந்து திறந்து பார்க்கிறேன். எனக்கு வந்துவிட்டது என்று தெரிந்த பிறகும், மற்றவர்களுக்கு வந்திருக்குமா என்ற யோசனை விடுவதில்லை. இறங்கி, டைம் ஆபீசைக் கடந்து போகும்போது யாராவது "வந்துருச்சுங்க மேடம்" என்று சொல்ல வேண்டியிருக்கிறது. அதன் பிறகுதான் மேஜையில் உட்கார்ந்து மற்ற வேலையைப் பார்க்க முடிகிறது.